மனை விளம்பரமும் இல்லாத சாலையும்

ஓசூரிலிருந்து சூளகிரி வரை தொழிற்பேட்டைகள் வளர வளர, தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி மனைப்பிரிவுகளும் பெருகியுள்ளன. வாங்க வருவோரில் பெங்களூர்க்காரர்களும் உண்டு. அவர்கள் இடத்துக்கு முன்பே விளம்பரத்தைப் பார்த்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் அந்த விளம்பரத்தில் கையால் வரைந்த வளைவும் தென்னைமரமும் இருந்தன. அது வரைந்த படம் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியில் நான்கு வரி எழுதினால் சூளகிரி மலை பின்னணியில் நிற்க, தார்ச்சாலையும் பூங்காவும் புகைப்படம் போலவே வந்து விழுகின்றன. இதைச் சிறு தொழில்முனைவோர் பயன்படுத்துவதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் விற்கப்படும் பொருளையே காட்டும் இடத்தில், அந்தப் பொருளின் உண்மைப் படத்துக்குப் பதிலாக இதை வைக்கக் கூடாது; மற்ற இடங்களில் வைப்பவர், அதன் உரிமையை எழுத்தில் பெற்றிருக்க வேண்டும்.

முதலில் உரிமை. படத்துக்குக் காசு கொடுத்தவரே உரிமையாளர் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், கணினி உருவாக்கும் படைப்புக்கு அது உருவாகக் காரணமான நபரே ஆசிரியர் என்கிறது. மனை உரிமையாளர் ஓசூரில் ஒரு டிசைனரிடம் வேலையை ஒப்படைக்கிறார், டிசைனரின் பணியாளர் செயலியில் கட்டளை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காரணமான நபர் யார்? கேட்டவரா, எழுதியவரா? இப்படிப்பட்ட படத்துக்குக் காப்புரிமை உண்டா என்பதையே இந்திய நீதிமன்றங்கள் இன்னும் தீர்மானமாகச் சொல்லவில்லை. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமோ, வெறும் கட்டளை எழுதுவது மட்டும் போதாது என்று 2025 ஜனவரியில் தெளிவாக்கிவிட்டது. எனவே பக்கத்து மனைப்பிரிவுக்காரர் அதே வளைவுப் படத்தை எடுத்து ஒட்டினால் தடுக்க வழி கிடைக்காமல் போகலாம். இருக்கும் உரிமையையாவது கைப்பற்ற எழுத்துப்பூர்வ ஒப்படைப்பு வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும்.

டிசைனரிடம் எழுதி வாங்கிவிட்டாலும் வேலை முடியாது. செயலியின் நிபந்தனையும் உண்டு. மிட்ஜர்னி, ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலரைத் தாண்டும் நிறுவனம் உயர்கட்டணத் திட்டத்தில் இருந்தால்தான் படத்தை உடைமையாகக் கொள்ள முடியும் என்கிறது. சிறு தொழில் என்று நாம் அழைக்கும் பல நிறுவனங்கள் இந்த எல்லையை எளிதில் கடந்துவிடும். எந்தச் செயலி, எந்தக் கணக்கு, எந்தத் தேதி, என்ன கட்டளை என்ற நான்கையும் பில்லோடு சேர்த்து வாங்கி வைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. பிற்பாடு வழக்கு வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

இதைவிடப் பெரியது, வாங்குபவரிடம் சொல்ல வேண்டியது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்தில் உள்ள தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டியவர் நஷ்டப்பட்டால் மனை விற்பவர் ஈடுகட்ட வேண்டும் என்கிறது. திட்டத்திலிருந்து விலக விரும்பினால் கட்டிய பணத்தை வட்டியோடு கேட்கலாம். அந்தத் தவறு எழுத்தில் இருந்தால் என்ன, படத்தில் இருந்தால் என்ன? முப்பது அடிச் சாலை படத்தில் அறுபது அடியாகத் தெரிந்தால், மூலையில் எறும்பு அளவில் எழுதிய ‘மாதிரிப் படம்’ அதைச் சரிசெய்யாது.

பெரிய கட்டுமான நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் கணினிப் படம் போடவில்லையா, சிறியவர்களை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, சட்டம் இருவருக்கும் ஒன்றே, இருவரையும் பிடிக்கட்டும். ஆனால் கட்டப்போகும் அடுக்குமாடிக்குப் படம் வரைவதும், இன்றே கண்ணால் பார்க்கக்கூடிய நிலத்துக்குப் படம் செய்வதும் வேறு வேறு. நிலம் இருக்கிறது; கைபேசியில் படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். எடுக்காமல் விடுவதற்குக் காரணம், அந்தப் படத்தில் தெரியும் முள்புதர்தான்.

2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளே போதுமே என்பது இன்னொரு வாதம். உண்மைபோல் தோன்றும் செயற்கைப் படங்களை அடையாளமிட வேண்டும் என்றும், பெரிய சமூக ஊடகங்கள் பதிவேற்றுபவரிடம் அறிவிப்பு பெற வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. ஆனால் அவற்றின் அக்கறை மனிதரையோ நிகழ்வையோ அச்சு அசலாகக் காட்டும் படங்கள் மீது. ஆளில்லாத சாலையும் மரமும் அதில் அடங்குமா என்பது விவாதத்துக்குரியது. சாலையோர ஃபிளெக்ஸுக்கும் துண்டறிக்கைக்கும் நாளிதழ் விளம்பரத்துக்கும் அந்த விதிகள் எட்டவே எட்டா.

ஆகவே தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றைச் செய்யலாம். விளம்பரத்தில் பதிவெண்ணைப் போடச் சட்டம் ஏற்கெனவே கட்டாயப்படுத்துகிறது. அதன் பக்கத்திலேயே, இடத்தின் உண்மைப் புகைப்படம் ஒன்றை, எடுத்த தேதியுடன், செயற்கைப் படத்துக்குச் சமமான அளவில் அச்சிட உத்தரவிட வேண்டும்; தமிழிலும் கன்னடத்திலும் விளம்பரம் வந்தால் அடையாளக் குறிப்பும் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும். விளம்பரத்தை வாங்கி அச்சிடும் நாளிதழ்களும், எங்களையும் சேர்த்தே, அந்தப் புகைப்படம் இல்லாத மனை விளம்பரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.