நானோ கார்: கணக்கு சரி, முதல் வரிதான் இடிக்கிறது

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் டார்கெட் காஸ்டிங் வந்தால் கூடவே நானோ காரும் வந்துவிடும். ஒரு லட்ச ரூபாய் விலையை முதலில் வைத்தார்கள், அதிலிருந்து பின்னோக்கிப் போய்க் காரைச் செய்தார்கள், ஆகவே வெற்றி என்று பாடம் முடியும். பாதிக் கதைதான் இது.

வழக்கமான முறையில் பொருளைச் செய்து, ஆன செலவோடு லாபம் சேர்த்து விலை வைப்பார்கள். டார்கெட் காஸ்டிங் இதைத் தலைகீழாகப் போடுகிறது. வாடிக்கையாளர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையில் லாபத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அனுமதிக்கப்பட்ட செலவு. ஒரு உதாரணத்துக்கு (எண்கள் கற்பனை) ஷோரூம் விலை 1,00,000. வரிக்கும் டீலருக்கும் 20,000, கம்பெனி லாபம் 5,000 போனால் மிச்சம் 75,000. இன்றைய வரைபடத்தின்படி செய்தால் 90,000 ஆகிறது என்று இன்ஜினியர்கள் சொல்கிறார்கள். அந்த 15,000 இடைவெளியை இன்ஜினுக்கு இவ்வளவு, சக்கரத்துக்கு இவ்வளவு, கதவுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு, ஒவ்வொரு குழுவும் தன் பங்கைக் குறைத்துக் காட்டியாக வேண்டும். அதுவும் வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே. அச்சு வார்த்து, லைன் போட்டுவிட்டால் பிறகு குறைக்க அதிகம் இருக்காது.

இந்த வேலையை டாடா மோட்டார்ஸ் அபாரமாகச் செய்தது, அதில் சந்தேகமே இல்லை. இரண்டு சிலிண்டர், 624 சிசி அலுமினிய இன்ஜின் பின்னால் போனது. ஒரே ஒரு வைப்பர். சக்கரத்துக்கு நான்கு நட்டுக்குப் பதில் மூன்று. அடிப்படை மாடலில் ஓட்டுனர் பக்கம் மட்டும் கண்ணாடி. ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. பின்கதவு திறக்காது, சீட்டை மடக்கித்தான் பெட்டியை வைக்க வேண்டும்.

சரி, அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது? 2003-ல் ஜெனீவா மோட்டார் ஷோவில் ஒரு ஆங்கிலப் பத்திரிகை நிருபர் கேட்டார், ரத்தன் டாடா சுமாராக ஒரு லட்சம் இருக்கும் என்றார், அது தலைப்புச் செய்தியாகிவிட்டது. மறுப்பு வெளியிட நினைத்து, பிறகு அதையே இலக்காக எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பைக்கில் நான்கு பேராகப் போகும் குடும்பத்துக்குக் கார் தர வேண்டும் என்ற எண்ணம் உண்மையானது. ஆனால் அந்தக் குடும்பம் எதை விட்டுக்கொடுக்கும், எதை விட்டுக்கொடுக்காது என்ற கேள்விக்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

1960-களிலேயே இந்த முறையைக் கையாண்ட டொயோட்டாவில் தொடக்கம் வேறு மாதிரி. பழைய மாடலின் விலையை எடுத்துக்கொள்வார்கள். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு வசதிக்கும் வாடிக்கையாளர் எவ்வளவு கூடுதலாகத் தருவார் என்று பார்த்து அதை அதோடு கூட்டுவார்கள். விலையும் வசதியும் அங்கே பிரியாத ஜோடி. நானோவில் விலை மட்டும் ஆணி அடித்தாற்போல நின்றது, வசதிதான் வளைந்தது.

2009-ல் கார் விற்பனைக்கு வந்தபோது ஒரு லட்சம் என்பது தொழிற்சாலை வாசல் விலை. வரி, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து கைக்கு வரும்போது அதற்கு மேலே போய்விட்டது. "விலை மலிவான கார்" என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் கார் வாங்குவது தெருவே பார்க்கும் விஷயம். மலிவு என்று பெயர் வாங்கிய வண்டியை வாசலில் நிறுத்த யாருக்கு ஆசை? அந்தப் பெயரில் விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் செலவுக் கணக்கும் உடைகிறது. அனுமதிக்கப்பட்ட செலவு என்பது இத்தனை கார் விற்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. சானந்த் தொழிற்சாலை வருடத்துக்கு 2,50,000 கார்களுக்காகக் கட்டப்பட்டது. மிக நன்றாக விற்ற 2011-12-லேயே சுமார் 75,000-தான் போனது. நிலையான செலவு 250 கோடி என்று (மறுபடியும் கற்பனை எண்) வைத்தால், முழு அளவில் ஒரு காருக்கு 10,000 ரூபாய். 75,000 கார் என்றால் 33,000-க்கு மேல். மூன்று நட்டும் ஒற்றை வைப்பரும் சேர்ந்து மிச்சம் பிடித்ததெல்லாம் இதில் காணாமல் போய்விடும்.

இலக்கு தவறாக வைக்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. வெட்டியவை திரும்பி வருகின்றனவா என்று பார்த்தால் போதும். நானோவுக்கு 2014-ல் பவர் ஸ்டீயரிங் வந்தது. 2015-ல் பின்கதவு திறந்தது. அப்போது உயர்ந்த மாடல்களின் விலை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது, இன்னும் கொஞ்சம் போட்டால் மாருதி ஆல்டோ கிடைக்கும். 2018-ல் உற்பத்தி ஓய்ந்தபோது, அந்த ஜூன் மாதம் முழுவதும் வெளிவந்தது ஒரே ஒரு கார்.