பதின்மூன்று ஞாயிறுகள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், படப்பை வரை நீளும் ஆலைச் சாலையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள் சிலரை நமக்குத் தெரியும். கூட ஆள் கிடையாது. எழுதுவதும் திருத்துவதும் வெளியிடுவதும் ஒருவரே. வாரம் ஒரு கட்டுரைக்கு மேல் முடியாது. இவர்களில் பலர் ஆண்டுத் தொடக்கத்தில் ஐம்பத்திரண்டு தலைப்புகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைக்கிறார்கள். பொங்கல் முடிந்து மூன்று வாரத்தில் வரிசை குலைகிறது. தலைப்பு தீர்ந்துபோய் யாரும் நின்றதாக நாம் பார்க்கவில்லை. நேரம் தீர்ந்துதான் நிற்கிறார்கள். எனவே அட்டவணை போடுகிறவர் முதலில் எழுத வேண்டியது தலைப்பை அல்ல, தன் ஷிஃப்டை.

இந்தப் பகுதியின் பல ஆலைகளில் காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் காலை ஆறு என்று மூன்று ஷிஃப்ட். வாரா வாரம் மாறும். அதாவது மூன்று வாரத்துக்கு ஒருமுறை நைட் ஷிஃப்ட் வரும். அந்த வாரத்தில் பகல் முழுக்கத் தூக்கம். விழித்திருக்கும் நேரத்திலும் ஒரு பத்தி ஒழுங்காக வராது. இதை மன உறுதியால் வெல்லலாம் என்று நினைப்பவர்களோடு நமக்கு வாதமில்லை. அவர்கள் இரண்டு சுற்று முயன்று பார்க்கட்டும்.

ஆகவே இவருக்கு அலகு மாதமும் அல்ல, வாரமும் அல்ல; மூன்று வாரச் சுற்று. காலை ஷிஃப்ட் வாரத்தில் கம்பெனி பஸ் இரண்டரை, மூன்று மணிக்கு இறக்கிவிடும். அரசு அலுவலகங்கள் திறந்திருக்கும் நேரம் அது. ஆளைப் பார்ப்பது, ஏரிக்கரைக்குப் போவது, தாலுகா அலுவலகத்தில் ஒரு காகிதம் கேட்பது எல்லாம் அந்த வாரத்து வேலை. மதிய ஷிஃப்ட் வாரத்தில் காலை நேரம் முழுதும் கையில் இருக்கும். அது எழுதும் வாரம். அந்த வாரத்தில் இரண்டு கட்டுரை எழுத வேண்டும். ஒன்று அந்த ஞாயிறுக்கு, மற்றது அடுத்து வரும் நைட் ஷிஃப்ட் வாரத்து ஞாயிறுக்கு. லைனில் வேலை செய்கிறவருக்கு பஃபர் ஸ்டாக் என்றால் விளக்கவே வேண்டாம்.

காலை ஷிஃப்ட் வாரத்து ஞாயிறு மிச்சமிருக்கிறது. அன்றைக்குச் சின்னதாக ஒன்று: முன்பு எழுதியதற்கு என்ன ஆயிற்று என்ற தொடர்ச்சி, ஒரு வாசகர் கேள்விக்குப் பதில், முந்நூறு சொல்லில் ஓர் அறிவிப்பு. ஆக ஒரு சுற்றில் பெரியது ஒன்று, கையிருப்பிலிருந்து ஒன்று, சிறியது ஒன்று. மூன்றும் பெரிதாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் முதலில் அட்டவணையைக் கொல்கிறது.

இப்போது தேதிகளைப் பொருத்திப் பார்க்கலாம். 2026 அக்டோபர் முதல் டிசம்பர் வரை எடுத்துக்கொள்வோம். பதின்மூன்று ஞாயிறுகள். அக்டோபர் 4இல் முடியும் வாரம் காலை ஷிஃப்ட் என்று வைத்தால், நைட் ஷிஃப்ட் வாரங்கள் அக்டோபர் 18, நவம்பர் 8, நவம்பர் 29, டிசம்பர் 20 ஆகிய ஞாயிறுகளில் முடிகின்றன. இந்த நான்கையும் பென்சிலால் வட்டமிடுங்கள். அன்றைக்கு வெளிவருவது எதுவாக இருந்தாலும் முந்தைய வாரமே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்து, நம்மைக் கேட்காமல் வரும் தேதிகள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடைசி இரண்டும் நம் காலாண்டில் விழுகின்றன. ஆயுதபூஜை அக்டோபர் 19, தீபாவளி நவம்பர் 8. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். போனஸ் கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் தரப்பட வேண்டும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிக்கு நவம்பர் 30 கடைசி நாள். இன்னொன்றும் இருக்கிறது, பலர் மறந்துவிடுவது: காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். அந்த ஐந்தாண்டு இந்த அக்டோபரில் முடிகிறது.

வாரம் ஒருமுறை எழுதுகிறவர் செய்தியின் பின்னால் ஓடக்கூடாது. தேதிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது நம் கருத்து. கிராமசபையில் என்ன நடந்தது என்பதைத் திங்கட்கிழமை நாளிதழ் நாலு வரியில் போட்டுவிடும், அல்லது போடாமலே விடும். என்ன கேட்கலாம் என்பதை ஒரு வாரம் முன்பு எழுதினால் அதைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் போவார்கள்.

அப்படிப் பார்த்தால் காலாண்டின் முதல் பாதி கிட்டத்தட்ட தானே நிரம்புகிறது. அக்டோபர் 4 சிறியது: இரண்டு நாள் முன்பு நடந்த கிராமசபையில் வாசிக்கப்பட்ட வரவு செலவு பற்றி நேரில் கண்ட குறிப்பு. அன்று விடுமுறை, போக முடியும். அதே வாரத்து மற்ற பிற்பகல்களில் ஏரிகளைப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குத்தான் போகிறது. 2015 டிசம்பரில் அந்த ஏரியிலிருந்து திறந்த நீர் அடையாற்றங்கரையை என்ன செய்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். மேலே உள்ள கலங்கல், மதகு, உபரிக் கால்வாய் எந்த நிலையில் இருக்கின்றன, எங்கே செடி மண்டியிருக்கிறது, எங்கே மண் கொட்டியிருக்கிறார்கள் என்பதை நடந்து பார்த்து, அக்டோபர் 11இல் பெரிய கட்டுரையாகத் தர வேண்டும். மழை பிடித்த பின் எழுதினால் அது வெறும் புலம்பல்.

அக்டோபர் 18 நைட் ஷிஃப்ட் வாரம், கையிருப்புக் கட்டுரை. அதற்கு போனஸ் சரியான பொருள். யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, சட்டத்தைப் படித்தால் போதும். குறைந்தபட்சம் 8.33 விழுக்காடு, அதிகபட்சம் 20. ஆண்டில் முப்பது நாள் வேலை செய்திருந்தாலே உரிமை உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உண்டு. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு இது வந்தால் வாசகர் சம்பளச் சீட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க நேரம் கிடைக்கும். அக்டோபர் 25 சிறியது: நவம்பர் 1 கிராமசபையில் கேட்கத்தக்க நாலு கேள்வி. நவம்பர் 1 பெரியது: தன் ஊராட்சியின் ஐந்தாண்டுக் கணக்கு. ஆயுதபூஜையை ஒட்டிய விடுமுறையிலும் அந்த வாரத்துப் பிற்பகல்களிலும் இதற்கான ஆட்களைப் பார்த்துவிடலாம்.

நவம்பர் 8 தீபாவளி. அன்று யார் படிக்கப் போகிறார்கள்? விடுமுறை என்று முந்தைய ஞாயிறே அறிவித்துவிடுங்கள். சொல்லாமல் நிற்பதுதான் வாசகரை விரட்டும்; சொல்லிவிட்டு நின்றால் யாரும் கோபிப்பதில்லை.

நவம்பர் 15 முதல் உள்ள ஏழு ஞாயிறுகளில் நான்கை வெறுமையாக விடச் சொல்கிறோம். இந்தச் சாலையில் எதிர்பாராதது வரும் என்பது மட்டுமே எதிர்பார்க்கக்கூடியது. 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் செப்டம்பர் 9 திங்களன்று தொடங்கி அக்டோபர் 15 வரை 37 நாள் நடந்தது. நாளிதழ்களுக்கு அது 37 நாள் செய்தி. வார எழுத்தாளருக்கோ ஐந்தே ஞாயிறுகள்: செப்டம்பர் 15, 22, 29, அக்டோபர் 6, 13. அக்டோபர் 6இல் பேச்சுவார்த்தையின் நிலவரத்தை எழுதியிருந்தால் மறுநாளே பழசாகியிருக்கும். 7ஆம் தேதிதான் ஒரு பிரிவினரோடு ஒப்பந்தம் என்று அறிவிப்பு வந்தது, சங்கம் அதை ஏற்கவில்லை. 9ஆம் தேதி பந்தல் அகற்றப்பட்டது. 13ஆம் தேதி அதைப் பற்றி எழுதியவருக்கு இரண்டே நாளில் வேலைநிறுத்தம் முடிந்து எழுதியது பின்தங்கிப் போயிருக்கும்.

அந்த ஐந்து ஞாயிறுகளில் பழசாகாதது எது? வேலைநிறுத்தத்தின் நடுவிலிருந்த கேள்விகளில் முக்கியமானது சங்கத்தின் பதிவு. சங்கத்தைப் பதிவு செய்ய என்ன வேண்டும், யார் பதிவு செய்வது, ஏன் தாமதமாகிறது என்று அன்று நடப்பிலிருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தை வைத்து முதல் ஞாயிறே ஒருவர் எழுதியிருந்தால், அந்தக் கட்டுரை 37 நாளும் நின்றிருக்கும். அதற்குப் பிறகும் நின்றிருக்கும், ஏனென்றால் பதிவு கிடைத்தது 2025 ஜனவரி 27இல்தான். பந்தல் போய், கேமராக்கள் போய், மூன்று மாதத்துக்கும் மேல் கழித்து.

இதனால்தான் அட்டவணையில் நான்காவதாக ஒரு கட்டம் போடச் சொல்கிறோம். முதல் கட்டம் வெளியாகும் தேதி, இரண்டாவது பொருள், மூன்றாவது யாரை எப்போது பார்ப்பது. நான்காவது, மீண்டும் பார்க்க வேண்டிய தேதி. ஒவ்வொரு பெரிய கட்டுரையும் வெளியான அன்றே அதை நிரப்ப வேண்டும். ஏரிக் கட்டுரைக்கு முதல் பெருமழைக்கு அடுத்த ஞாயிறு. போனஸுக்கு நவம்பர் 30 கழிந்து டிசம்பர் 6. காலை ஷிஃப்ட் வாரத்துச் சிறிய கட்டுரைகளுக்குப் பொருள் இங்கிருந்துதான் வருகிறது. தனியாக யோசித்துத் தேட வேண்டியதில்லை. நாளிதழ் செய்யாத வேலையும் இதுதான்.

அட்டவணை கெடுகிறது என்பதை இரண்டு இடத்தில் பார்க்கலாம். ஒரே தலைப்பு மூன்று முறை தள்ளிப் போனால் அதை எழுத உங்களுக்கு விருப்பமில்லை, அல்லது அதற்கான ஆள் உங்களுக்குக் கிடைக்கவில்லை, அடித்துவிடுங்கள். நைட் ஷிஃப்ட் வாரம் தொடங்கும்போது கையிருப்பில் ஒன்றுமில்லை என்பது அடுத்தடுத்து இரண்டு சுற்றில் நடந்தால் குறை சோம்பலில் இல்லை, கணக்கில். ஓ.டி. அதிகமாகியிருக்கலாம், வீட்டில் குழந்தை பிறந்திருக்கலாம். அப்போது வாரம் என்ற அளவையே மாற்ற வேண்டும்.

சிற்றிதழ்க்காரர்களுக்கு இது புதிதல்ல. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் மாத இதழாகத் தொடங்கிய ‘எழுத்து’ பிற்காலத்தில் காலாண்டிதழாகி, 119 இதழ்கள் வந்து 1970இல் நின்றது. இடைவெளி கூடியதற்காக அதை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. வாரம் முடியாவிட்டால் இருவாரம் ஒன்று என்று அறிவித்துவிட்டு எழுதுங்கள். எந்த ஞாயிறு வரும் என்று வாசகருக்குத் தெரிந்திருந்தால் போதும்.