ஞாயிற்றுக்கிழமையில் கரைந்துபோகும் விடுமுறை

2025-ஆம் ஆண்டில் குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தில்லியில் மாதச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஒரு விடுமுறை வீணாயிற்றே என்று அலுத்துக்கொண்டதோடு சரி. மத்திய அரசின் வருடாந்திர விடுமுறைச் சுற்றறிக்கையே, பண்டிகை வார ஓய்வு நாளில் வந்து விழுந்தால் மாற்று விடுமுறை கிடையாது என்றுதான் சொல்கிறது. அவருடைய சம்பளத்தில் அதனால் ஒரு காசும் குறைவதில்லை.

நாள் கூலி பெறுவோரின் கணக்கு வேறு. திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரையைத் தாண்டி அகத்தியமலை அடிவாரத்தில் இருக்கிறது போனக்காடு. அங்கு தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் வம்சாவளியினர். தோட்டம் நொடித்து, தொழிற்சாலை மூடிக்கிடக்க, லயங்களில் தங்கிவிட்ட குடும்பங்கள் கூலி நிலுவைக்கும் பணிக்கொடைக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கதை கேரளப் பத்திரிகைகளில் பலமுறை வந்ததுதான். அத்தகைய தோட்டம் ஒன்றில் குடியரசு தினமும் வார ஓய்வும் ஒரே நாளில் வந்தால் தொழிலாளிக்குச் சேர வேண்டியது என்ன?

நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மற்ற விடுமுறைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 2026 ஜனவரியில் ஞாயிறு நீங்கலாக 27 நாள்கள். அவற்றில் 26-ஆம் தேதி திங்கள்கிழமை, சம்பளத்துடன் விடுமுறை. தொழிலாளி 26 நாள் உழைத்து 27 நாள் கூலியாக 13,500 ரூபாய் பெறுகிறார். 2025 ஜனவரியிலும் ஞாயிறு நீங்கலாக 27 நாள்கள்தான். ஆனால் 26-ஆம் தேதி ஞாயிறு. தனியாக எதுவும் தரவில்லை என்றால், 27 நாளும் உழைத்தால்தான் அதே 13,500 ரூபாய் கைக்கு வரும். "பணம் குறையவில்லையே" என்று நிர்வாகம் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அதே பணத்துக்கு ஒரு நாள் கூடுதல் உழைப்பு போயிருக்கிறது.

நிர்வாகங்கள் இன்னொரு வாதத்தையும் வைக்கும். மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்தே நாள் கூலி வகுக்கப்படுகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கான ஊதியம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது என்பார்கள். வார ஓய்வைப் பொறுத்தவரை இது சரியே. குறைந்தபட்ச ஊதிய மத்திய விதிகளும் இப்படி வகுத்த கூலிக்கு ஓய்வு நாள் ஊதியம் தனியே வேண்டாம் என்றுதான் கூறின. ஆனால் அடங்கியிருப்பது வார ஓய்வின் ஊதியம். குடியரசு தினத்தின் ஊதியம் வேறு சட்டத்தில் பிறந்த வேறு கடன். ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டும் தீர்ந்தன என்று எழுதிக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது.

அந்த வேறு சட்டம், கேரளத்தின் 1958-ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். தமிழகத்துக்கும் அதே ஆண்டில் அத்தகைய சட்டம் வந்தது. விடுமுறைக்கு ஊதியம் தர வேண்டும். அன்று வேலை வாங்கினால் இரட்டை ஊதியம், அல்லது ஊதியத்துடன் மாற்று விடுமுறை தர வேண்டும் என்பது இவற்றின் சாரம். மாற்று விடுமுறை என்ற கருத்து சட்டத்துக்கு அந்நியமானதல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பண்டிகை நாள்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஞாயிறைத் தவிர்க்கலாம். தேதி குறிக்கப்பட்ட தேசிய விடுமுறைகளை அப்படி நகர்த்த முடியாது. சிக்கல் முளைப்பது அங்கேதான்.

தமிழர்கள் ரப்பர் பால் வெட்டப் போன மலேசியாவில் இதற்கு விடை எழுதியே வைத்திருக்கிறார்கள். பொது விடுமுறை ஓய்வு நாளில் வந்தால் அடுத்த வேலை நாள் சம்பளத்துடன் விடுமுறை என்கிறது அந்நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். சிங்கப்பூரிலும் அதுவே விதி.

நம் நாடாளுமன்றத்துக்கும் வாய்ப்பு வந்தது. தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் விழுங்கிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் புறக்கணித்த அவையில், நிறைவேறியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஏழாவது நாளில் தேசிய விடுமுறை வந்தால் என்ன என்பதைச் சொல்லவில்லை.

சட்டம் இப்படி வாய்மூடி இருப்பதால் நட்டம் யாருக்கு? 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் 33-சி பிரிவின் கீழ் தொழிலாளர் நீதிமன்றம் பாக்கியைக் கணக்கிட்டுத் தர முடிந்தது. ஆனால் உரிமை உண்டா இல்லையா என்ற சர்ச்சையை அங்கு தீர்க்க முடியாது என்று தில்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களும் தினக்கூலிகளே. எனவே ஞாயிறு விடுமுறைக்கான ஒரு நாள் கூலியைக் கேட்பவர், முதலில் உரிமையை நிலைநாட்ட ஒரு வழக்கு, பிறகு தொகையைக் கணக்கிட இன்னொரு மனு என்று அலைய வேண்டியிருக்கும். 500 ரூபாய்க்காக யார் அலைவார்? நிர்வாகமே கைவிட்டுப் போன தோட்டத்தில், வருகைப் பதிவேட்டில் ஏறாத நாளை நிலுவைப் பட்டியலில் யார் சேர்ப்பார்?

தொகுப்புச் சட்டத்தைத் திருத்தத் தில்லி முன்வரும் வரை மாநிலங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 1958-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவற்றின் கையில் உள்ளன. மலேசியச் சட்டத்தில் இருப்பது போன்ற ஒரு வாக்கியத்தைத் திருவனந்தபுரமும் சென்னையும் அவற்றில் சேர்த்தால் போதும். 2027-இல் சுதந்திர தினம் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது.