‘கேஸ் கம்மியா இருக்கு’: ஏசி மெக்கானிக்கின் வாடிக்கையாளர் பட்டியலை உடைக்கும் ஒரு வரி!

கோடை தொடங்கினால் ஏசி மெக்கானிக்கின் போன் ஓயாது. குறுகிய காலப் பயிற்சி முடித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு முதல் சீசனில் வேலை கிடைப்பது பெரிய விஷயமில்லை. அடுத்த வருஷமும் அதே வீட்டிலிருந்து போன் வருமா என்பதுதான் கேள்வி. எந்த வீடு திரும்பக் கூப்பிடும், எது கூப்பிடாது? அதைத் தீர்மானிப்பது எது? பார்க்கலாம்.

குறுகிய பயிற்சியில் என்ன கிடைக்கும்?

ஐடிஐ-யில் ‘ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங்’ மெக்கானிக் படிப்புக்கு 2 ஆண்டுகள் ஆகும். குறுகிய காலப் பயிற்சிகள் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் ஃபில்டர், காயில் சுத்தம் செய்வது, டிரெயின் பைப் அடைப்பு எடுப்பது, கெப்பாசிட்டர் மாற்றுவது, புது யூனிட் மாட்டுவது ஆகியவற்றை நன்றாகவே கற்றுக்கொள்ளலாம்.

கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பட்டியல் உடைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

கேஸ் ‘தீர்ந்து’ போகுமா?

போகாது. பைக்கில் பெட்ரோல் தீர்வதுபோல ஏசியில் கேஸ் தீராது. காப்பர் பைப்புக்குள் அது மூடிய சுற்றில் ஓடுகிறது. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது, அல்லது மாட்டும்போதே அளவு சரியில்லை. லீக்கைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றினால், சில மாதங்களில் பழைய நிலைமைதான். ‘போன தடவைதானே போட்டீங்க?’ என்று கேட்கும் வாடிக்கையாளர், அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

பணத்துக்காகப் பொய் சொல்பவர்கள் இருக்கலாம். ஆனால், உண்மையிலேயே தெரியாமல் தவறாகச் சொல்பவர்களும் உண்டு. அதற்கு ஒரு காரணம் இன்வெர்ட்டர் ஏசி. அறை ஏற்கெனவே குளிர்ந்திருந்தால், கம்ப்ரசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் கரன்ட் குறைவாகக் காட்டும். பழைய ஏசியில் பழகிய கண்ணுக்கு அது கேஸ் குறைவுபோலவே தெரியும். அதனால், ரிமோட்டில் 16 டிகிரி வைத்து, 15, 20 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்ட பிறகுதான் அளக்க வேண்டும்.

ஒரு வீட்டில் எப்படிச் செய்ய வேண்டும்?

ஒரு மாதிரிக் கணக்கு. 1.5 டன் ஏசி, ஆர்-32 கேஸ், ‘கூலிங்கே இல்ல’ என்பது புகார். முதலில் வாரண்டி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் கம்பெனி சர்வீஸுக்குச் சொல்லச் சொல்வதே சரி. வெளி ஆள் கை வைத்தால் வாரண்டிக்குச் சிக்கல் வரலாம். ஒரு வேலை போனாலும், அந்த வீட்டின் நம்பிக்கை மிஞ்சும்.

வாரண்டி முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்டோர் யூனிட்டுக்குள் போகும் காற்று 28 டிகிரி, வெளியே வருவது 23 டிகிரி. 5 டிகிரிதான் வித்தியாசம். நன்றாக ஓடும் ஏசியில் இது பொதுவாக 8 முதல் 12 டிகிரி வரை இருக்கும். ஃபில்டர், இன்டோர் காயில், அவுட்டோர் காயில் மூன்றையும் கழுவிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். வித்தியாசம் 10 டிகிரி வந்துவிட்டால் வேலை முடிந்தது. அழுக்குதான் காரணம், கேஸ் அல்ல.

வராவிட்டால்தான் அடுத்த படி. முழு வேகத்தில் ஓடும்போதும் கரன்ட் பெயர்ப்பலகையில் உள்ளதைவிட ரொம்பக் குறைவு, மெல்லிய பைப் இணைப்பில் பனி படிகிறது என்றால் லீக்கைத் தேட வேண்டும். பைப்பை இணைக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை இருக்கும். கேஸுடன் கம்ப்ரசர் ஆயிலும் கசிவதன் அடையாளம் அது. சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். அதை வீட்டுக்காரரை அழைத்துக் காட்டலாம்.

பிறகு மிச்ச கேஸை வெளியே எடுத்து, பைப் முனையை வெட்டிப் புதிதாக ஃப்ளேர் செய்து, நைட்ரஜன் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். அடுத்து வேக்குவம் பம்ப் போட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். கடைசியாக, பெயர்ப்பலகையில் உள்ள கிராம் அளவுக்கு எடை மெஷினில் வைத்து கேஸ் ஏற்ற வேண்டும். ‘குத்துமதிப்பா’ ஏற்றுவது கூடாது.

இங்கே இரண்டு ஆபத்துகள். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ். உள்ளே கேஸ் இருக்கும்போது பைப்பில் நெருப்பு வைத்து வெல்டிங் செய்யக் கூடாது. நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜன் சிலிண்டரை இணைத்துச் சோதிப்பது உயிருக்கே ஆபத்து. கம்ப்ரசர் ஆயிலுடன் சேர்ந்து வெடித்துவிடும்.

பட்டியல் என்றால் போன் நம்பர்கள் மட்டுமா?

இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி வேண்டும்: மாடல், கேஸ் வகை, மாட்டிய வருஷம், கடைசி சர்வீஸ் தேதி, அன்று அளந்த வெப்பநிலை வித்தியாசம், அடுத்த தேதி. போனில் ஒரு ஷீட் போதும். போன வருஷம் 11 டிகிரி, இந்த வருஷம் கழுவிய பிறகும் 7 டிகிரி என்று சொன்னால், வீட்டுக்காரர் கேள்வி கேட்க மாட்டார். ஆதாரம் அவர் கண் முன்னால் இருக்கிறது.

அடுத்த தேதி ஏன் முக்கியம்? 150 வீடுகள், மொத்தம் 225 ஏசி என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் வெயில் கொளுத்திய பிறகு 20 நாளுக்குள் கூப்பிட்டால், ஒரு நாளைக்கு 11 ஏசி பார்க்க வேண்டும். ஒருவரால் முடியாது. ‘நாளைக்கு வரேன் சார்’ என்று இழுத்தடித்தால் பாதிப் பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அதே 225 ஏசியை பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை, 60 வேலை நாட்களுக்குப் பிரித்து மெக்கானிக்கே முன்கூட்டி அழைத்தால் நாளைக்கு நான்குதான். உச்ச வெயிலில் ரிப்பேர் வேலைக்கும் நேரம் மிஞ்சும்.

வருஷத்துக்கு இரண்டு சர்வீஸ், ஒன்றுக்கு 600 ரூபாய் என்று போட்டால் 2,70,000 ரூபாய். மாதத்துக்கு 22,500. பெட்ரோல், உதவியாள் சம்பளம் இதில்தான் போக வேண்டும். ரிப்பேர் வருமானம் தனி.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஜனவரி வரை ஏசி அழைப்புகள் குறையும். இங்கே வாட்டர் ப்யூரிஃபையர் கை கொடுக்கும். தண்ணீர் எல்லா மாதமும் வேண்டுமே! ஆர்.ஓ. ஃபில்டர்களுக்கும் தேதி இருக்கிறது. இங்கும் அளவுதான் ஆதாரம். உள்ளே போகும் தண்ணீரின் டிடிஎஸ் 900, வெளியே வருவது முன்பு 80 இருந்தது, இப்போது 300 என்றால் மெம்பிரேன் தேய்ந்திருக்கலாம். ஆனால், டிடிஎஸ் அளவைக் கூட்டும் வால்வு திறந்திருந்தாலும் இப்படிக் காட்டும். முதலில் அதைப் பார்க்காமல் மெம்பிரேனை மாற்றச் சொன்னால், அதுவும் இன்னொரு ‘கேஸ் கம்மி’ கதைதான்.

ஆப் மூலம் வேலை எடுத்தால்?

தொடக்கத்தில் வேலை வரும், கை பழகும். ஆனால், வேலை ஆப் வழியாகவே வரும்போது அந்த வீட்டின் சர்வீஸ் வரலாறும் அடுத்த அழைப்பும் ஆப்பிடமே இருக்கும். அதனால், அதை நம்பி இருப்பவர்களும் தெரு, அபார்ட்மென்ட், உறவினர் வட்டத்தில் தனிப் பட்டியல் ஒன்றை வளர்ப்பது நல்லது. போர்டு ரிப்பேர் போன்ற தெரியாத வேலை வந்தால், தெரிந்தவரை அனுப்பலாம். கை வைத்துக் கெடுத்தால் அந்த வீடு மட்டுமல்ல, அடுத்த ஃபிளாட்டும் போய்விடும்.

முதல் வருஷ முடிவில் ஒரு கணக்கு பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும்: கேஸ் ஏற்றிய வீடுகளில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குள் அதே புகாரோடு திரும்ப வந்தார்கள்? அந்த எண் கூடினால், பார்க்க வேண்டியது விளம்பரத்தை அல்ல, ஃப்ளேர் நட்டை.