கடன் தீர்க்க வந்த கள்வன்

கண்டி நகரின் வாவிக்கரையில், தலதா மாளிகைக்கு அணித்தாக, மகுல் மடுவ என்னும் மரத்தூண் மண்டபம் நிற்கின்றது. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய உடன்படிக்கை அங்கேதான் படிக்கப்பெற்றது. அவ்வுடன்படிக்கையின் ஆறாம் பிரிவு, உடலை வதைத்தலும் உறுப்பைக் குறைத்தலுமாகிய தண்டனைகள் யாவும் ஒழிக்கப்பட்டன என்று கூறியது. நாட்டை இழந்த கதையை நினைவிற் கொண்டிருக்கும் நாம் இந்த ஒரு பிரிவை மறந்துவிடுகின்றோம். ஆயினும் தண்டனையின் வரலாறு அத்துடன் முடிந்துவிடவில்லை. 1876இல் நகரின் நடுவே போகம்பறைச் சிறை எழுந்தது. 2013ஆம் ஆண்டின் இறுதியிலேதான் அது மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கசையடித் தண்டனை சட்டத்திலிருந்து நீங்கியதோ 2005ஆம் ஆண்டில். உறுப்பை விட்டு முதுகுக்கும், முதுகை விட்டுச் சிறைக்குமாகத் தண்டனை படிப்படியாக இறங்கி வந்திருக்கின்றது. இனியும் ஒரு படி இறங்க இடமுண்டா என்பதே நான் இங்கு ஆராய விரும்பும் வினா. அதற்கு மிகச் சிறிய குற்றமொன்றை எடுத்துக்கொள்கின்றேன்.

பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். அந்தானை மலைச்சாரலில் லயத்து அறையொன்றில் தாயுடன் வாழ்கின்றான். நகரிலே மூட்டை இறக்கி நாட்கூலி பெறுகின்றான். கொட்டுகொடல்ல வீதியிலுள்ள புடைவைக் கடை ஒன்றிலிருந்து 3,600 ரூபாய் பெறுமதியான ஒரு சட்டையையும், 4,800 ரூபாய் பெறுமதியான ஒரு சோடிச் சப்பாத்தையும் பையில் ஒளித்துக்கொண்டு வெளியேறினான். கண்காணிப்புக் கமரா அவனைக் காட்டிக்கொடுத்தது. மறுநாள் பொலிசார் பிடித்தபோது சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது, சப்பாத்து அணியப்பட்டுவிட்டது. அவன் மறுக்கவில்லை, கடைக்குரிய பணத்தைத் தந்துவிடுவதாகக் கூறினான். இவ்வழக்கு நான் விளக்கத்திற்காக வகுத்துக்கொண்டது; எவர் ஒருவருடைய கதையுமன்று. ஆனால் இதனைச் சூழ்ந்திருக்கும் சட்டம் நாட்டிலுள்ள மெய்ச்சட்டமே.

தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவின்படி களவுக்கு மூன்று ஆண்டு வரையான சிறையோ, தண்டப்பணமோ, இரண்டுமோ விதிக்கலாம். நீதவான் முன் குற்றச்சாட்டு வாசிக்கப்படும்பொழுது இளைஞன் குற்றத்தை ஒப்புக்கொள்ள நினைக்கின்றான். அவ்விடத்திலேயே சட்டத்தரணியின் முதல் வேலை தொடங்குகின்றது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, ஒப்புதல் என்பது நிபந்தனையற்றதாக இருத்தல் வேண்டும் என்றும், எதிரி கூறிய சொற்களை இயன்றவரை அவன் கூறியவாறே பதிதல் வேண்டும் என்றும் பணிக்கின்றது. “எடுத்தேன், ஆனால் காசு கொடுக்கத்தான் இருந்தேன்” என்று அவன் சொல்வானாயின், அது ஒப்புதலுமன்று, மறுப்புமன்று. களவின் உயிர்நிலை நேர்மையற்ற எண்ணம். “ஆனால்” என்ற ஒரு சொல் அவ்வெண்ணத்தை மறுத்து, வழக்கை விசாரணைக்கு இழுத்துச் சென்றுவிடும். மனம் வருந்தியவன் வருந்தாதவன்போலத் தோன்றுவான். ஆகவே எடுத்த எண்ணம் வேறு, பின்னர்க் கொடுக்க முன்வந்த எண்ணம் வேறு என்பதை அவனுக்குத் தெளிவாக உணர்த்துவதே நல்ல சட்டத்தரணி செய்யும் முதற் காரியம்.

இங்கே மொழியின் இடர் ஒன்றும் குறுக்கிடுகின்றது. கண்டியில் நீதிமன்றம் நடைபெறும் மொழி சிங்களம். அம்மொழி அறியாத வழக்காளிக்கு மொழிபெயர்ப்பு வழங்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறுகின்றது. உரிமை இருப்பது உண்மை. ஆனால் “பிழை விட்டிட்டேன் ஐயா” என்று தொண்டை அடைக்கக் கூறியது, “குற்றத்தை ஏற்கின்றார்” என்ற இரண்டு வறண்ட சொற்களாய் மாறி நீதவானின் செவியை அடையுமாயின், வருத்தம் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றது. சொல்லால் மட்டும் காட்டப்படும் கழிவிரக்கம் மொழிபெயர்ப்பிலே நலியும். செயலால் காட்டப்படுவது நலியாது. பணத்தைத் திருப்பித் தர முன்வருதல் அத்தகைய செயல் என்பதால்தான் அது தணிப்புரையின் நடுவிடத்தைப் பெறுகின்றது.

அந்தச் செயலை எவ்வாறு எடுத்துரைப்பது? “எனது கட்சிக்காரர் நட்டத்தை ஈடுசெய்ய ஆயத்தமாயுள்ளார்” என்று மட்டும் சொன்னால் அது வெறும் சடங்குச் சொல். கணக்கைச் சொல்ல வேண்டும். சட்டை வழக்குப் பொருளாகப் பொலிசாரிடம் உள்ளது. கட்டளை பெற்றுக் கடைக்காரரிடம் பழுதின்றிச் சேரும். எனவே உண்மையான நட்டம் சப்பாத்தின் 4,800 ரூபாய். அதில் 1,600 ரூபாயை இன்றே மன்றில் வைக்கின்றான். எஞ்சிய 3,200 ரூபாயை இரண்டு மாதங்களில், மாதம் 1,600 வீதம் செலுத்துவான். அப்பணம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் கூறுதல் வேண்டும். தாயின் காதணியை அடகு வைத்துக் கொடுத்தால், தண்டனை தாய்க்கு. தன் கூலியில் மீதம் பிடித்துக் கொடுத்தால், அது அவனுக்கு. அவனை வேலைக்கு வைத்திருப்பவரின் கடிதம் ஒன்று இதற்குப் போதிய சான்று. கடைக்காரர் இசைகின்றாரா என்பதையும் மறைக்காமல் தெரிவித்தல் வேண்டும். அவர் இசைவு தந்தாலும் வழக்கு அவருடைய சொத்தன்று. குற்றம் பொதுமக்களுக்கு எதிரானது என்பதே சட்டத்தின் கருத்து.

பின்பு வேண்டுதல் வருகின்றது. அதே சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு நீதவானுக்கு அரியதோர் அதிகாரத்தை அளிக்கின்றது. குற்றம் எண்பிக்கப்பட்டதெனக் கருதினாலும், எதிரியின் ஒழுக்கம், முன்வரலாறு, வயது, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றையோ, குற்றத்தின் சிறுமையையோ, அது நிகழ்ந்த சூழ்நிலையையோ நோக்கி, குற்றத்தீர்ப்புப் பதியாமலே அவனை எச்சரித்து விடலாம். அல்லது மூன்று ஆண்டுக்கு மேற்படாத காலத்திற்கு நன்னடத்தைப் பிணையில் விடலாம். இழப்பீட்டுக்கும் கட்டளையிடலாம். “குற்றத்தீர்ப்புப் பதியாமலே” என்ற சொற்களிலேதான் அந்த இளைஞனின் எதிர்காலம் அடங்கியிருக்கின்றது. அரச வேலைக்கோ வெளிநாட்டு வேலைக்கோ விண்ணப்பிக்கும்பொழுது பொலிசுச் சான்றிதழ் கேட்கப்படும். ஒரு சோடிச் சப்பாத்து அவனை அங்கே மறித்து நிற்றல் ஆகாது. எனவே இவ்வேண்டுதலைத் தீர்ப்புப் பதிந்த பின்னர் அன்று, பதிவதற்கு முன்னரே எழுப்புதல் வேண்டும். காலம் தவறிய நல்லுரை பயனற்றது.

தண்டப்பணம் விதித்துவிட்டால் என்ன, அது சிறையன்றே என்று சிலர் கேட்பர். இந்நாட்டில் சிறைத்தண்டனை பெற்றுச் செல்வோரில் பெரும்பங்கினர், விதித்த தண்டப்பணத்தைக் கட்ட முடியாமற் செல்பவர்கள் என்பதை அவர்கள் நினைத்தல் வேண்டும். மேலும், அவன் கையிலிருக்கும் 1,600 ரூபாய் அரசின் பெட்டிக்குள் விழுந்தால், இழந்த கடைக்காரருக்குக் கிடைப்பது யாது? இழப்பீடு இழந்தவருக்குச் செல்கின்றது. தண்டப்பணம் இழக்காதவருக்குச் செல்கின்றது.

எதிர்வாதம் வலியற்றதன்று. 1955இல் சட்டமா அதிபர் எதிர் எச். என். டி சில்வா என்ற வழக்கில், நீதியரசர் பஸ்நாயக்க, நீதிபதிகள் பெரும்பாலும் குற்றவாளியின் பக்கம் நின்றே தண்டனையைப் பார்த்துவிடுகின்றனர் என்று கண்டித்து, குற்றத்தின் பாரத்தையும் பொதுமக்களின் நலனையும் முதலில் நோக்குமாறு பணித்தார். குற்றவாளியைத் திருத்துதல் அவற்றுக்கு அடுத்ததே என்றார். இன்றும் நம் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படும் தீர்ப்பு அது. சிறு கடைக்காரரின் துயரும் மெய்யானதே. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அணுகியபொழுது, வாங்குபவரும் விற்பவரும் ஒருங்கே நொந்தனர். பத்துப் பேர் பத்துச் சப்பாத்து எடுத்தால் அவர் கடையை மூட வேண்டியதுதான்.

இவ்வாதத்தைச் சட்டத்தரணி ஒதுக்கிவிடலாகாது, எதிர்கொள்ள வேண்டும். அச்சுறுத்தலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா ஓர் எடுத்துக்காட்டு. 1995இல் லியாண்ட்ரோ அன்ட்ராடே என்பவர் இரு கடைகளில் ஒன்பது வீடியோ நாடாக்களைத் திருடினார். அவற்றின் விலை எல்லாம் 153 டொலரும் சில சதமும். முன்பும் குற்றத்தீர்ப்புப் பெற்றவர் என்பதால், ஐம்பது ஆண்டுகள் கழியுமுன் விடுதலை பற்றி எண்ணவியலாத சிறை அவருக்கு விதிக்கப்பட்டது. 2003இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதனை நிலைக்கவிட்டது. மற்றொரு புறத்தில், சட்டத்தைத் தம் கையிலெடுக்கும் கொடுமையும் நம்மிடையே உண்டு. 2023இல் பொரளைப் பகுதியில், பொருள் திருடியதாகச் சொல்லிக் கர்ப்பிணிப் பெண்ணொருத்தியை அங்காடி ஊழியர் தாக்கிய காட்சியை நாடே கண்டு வெட்கியது. நீதிமன்றத்தின் அளவான தண்டனை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. நன்னடத்தைப் பிணை வெறும் விடுவிப்பன்று. மூன்றாண்டுக்குள் தவறினால், இதே குற்றத்துக்காக மீண்டும் அழைக்கப்பட்டுத் தண்டனை பெறுவான். அச்சம் அங்கும் இருக்கின்றது.

எனக்கு மனநிறைவு தராத இடம் ஒன்று உண்டு. அதனையும் சொல்லிவிடுதல் முறை. பணம் கொடுத்தவனுக்கு இரக்கம் என்றால், பணம் உள்ளவனுக்கே இரக்கம் என்றாகிவிடாதா? செல்வன் மகன் ஒருவன் அதே சப்பாத்தை எடுத்து, தந்தையின் பணப்பையிலிருந்து முழுவதையும் அன்றே வைத்துவிட்டால், அவன் அதிகம் வருந்தியவனா? அல்லன். ஆகவே மன்று எடைபோட வேண்டியது கொடுத்த தொகையையன்று. அத்தொகை கொடுத்தவனுக்கு எவ்வளவு கனத்தது என்பதையே. மூட்டை தூக்குபவனின் மூன்று தவணைகள், செல்வன் மகனின் ஒரு காசோலையினும் கனமானவை. இதனை மன்றுக்கு உணர்த்தாத தணிப்புரை, இரக்கத்தை விலைக்கு வாங்கும் உரையாகவே முடியும்.

தக்கவாறு ஆராய்ந்து, மீண்டும் நிகழாவண்ணம், குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுப்பவனே வேந்தன் என்பது வள்ளுவர் கருத்து. ஆராய்தல் முன், ஒறுத்தல் பின். சிலம்பின் பாண்டியன் அவ்வரிசையை மாற்றினான். களவென்று கேட்ட கணத்திலேயே ஆணையிட்டான். அவன் நகர் எரிந்த கதையை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், வாவிக்கரை நகரின் நீதவான் மன்றில் ஓர் ஏழை இளைஞன் நிற்கும்பொழுது, சட்டத்தரணி கேட்கும் அந்தப் பத்து நிமிடத்தை வீண் என்று கருதலாகாது. அவர் கேட்பது மன்னிப்பையன்று. கடனைத் தீர்க்க ஒரு தவணையையே கேட்கின்றார்.