'நானும்தான்'னு சொல்லிட்டா தப்பிச்சிரலாமா?

"நூறு மொழிகளில் ஐ லவ் யூ" என்று ஒரு பட்டியல் வருஷக்கணக்கா சுத்திக்கிட்டே இருக்கு. பார்த்திருப்பீங்க. யாராவது உங்ககிட்ட அதைச் சொன்னா திரும்ப என்ன சொல்றது? அதுக்குப் பட்டியலில் இடமே இல்லை! கேட்டா, "மீ டூன்னு சொல்லிடு மச்சி, பாவம், அந்தப் பொண்ணு மனசு நோகக் கூடாது" என்று ஒரு அறிவுரை. இந்த அறிவுரையைத்தான் நான் அடியோடு எதிர்க்கிறேன். ஜெர்மன் மொழியை மட்டும் எடுத்துக்குவோம், அங்கேதான் நம்ம ஆளுங்க நிறைய மாட்டிக்கிறாங்க.

அவள் "இஷ் லீபெ டிஷ்" என்கிறாள். நம்ம ஆள் 'நானும்தான்' என்று மனசுக்குள்ள மொழிபெயர்த்து "இஷ் அவுக்" என்கிறான். தமிழில் 'நானும்தான்' போதும், யாரை என்று சொல்ல வேண்டாம். ஜெர்மனில் 'உன்னை' என்பதை விட்டுட்டா, "ஓஹோ, நீயும் உன்னையே காதலிக்கிறியா?" என்று கிண்டல் பண்ண இடம் கொடுத்த மாதிரி. "இஷ் டிஷ் அவுக்" என்பதுதான் சரி. நான், உன்னை, கூட. மூணே சொல்.

சரி, இது இலக்கணம், சிரிச்சிட்டுப் போயிடலாம். பெரிய சிக்கல் வேற.

ஜெர்மனில் இதுக்குப் படிக்கட்டு இருக்கு. 'இஷ் மாக் டிஷ்' என்றால் உன்னைப் பிடிக்கும். 'இஷ் ஹாப் டிஷ் லீப்' அதுக்கு மேல, பாசம். அம்மாவிடம், தங்கச்சியிடம், நெருங்கிய தோழியிடம் தாராளமாச் சொல்வாங்க. காதலர்களும் ஆரம்பத்தில் சொல்வதுண்டு. 'இஷ் பின் இன் டிஷ் ஃபெர்லீப்ட்' என்றால் உன் மேல காதலில் விழுந்திருக்கேன். 'லீபெ டிஷ்' உச்சிப் படி, லேசில் யாரும் ஏற மாட்டாங்க. நம்ம பாடப்புத்தகம் இரண்டாவதையும் கடைசியையும் ஒரே 'ஐ லவ் யூ'வாகப் போட்டுடுது. அதனால முதலில் அவள் எதைச் சொன்னாள் என்று காதைத் தீட்டிக் கேளுங்க. உச்சிப் படியில் நின்னு சொன்னவளிடம் 'ஹாப் டிஷ் லீப்' என்று பதில் சொன்னா, தங்கச்சி தலையைத் தடவிக் கொடுத்த மாதிரிதான் அவள் காதில் விழும்.

ஆகன் நகரத்தில் படிக்கும் நண்பர் ஒருத்தர் கதை. அவள் சொல்லிட்டாள். இவருக்கும் ஆசைதான், ஆனா சரியான வாக்கியம் வரலை. 'ஜெர்மனில் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை' என்று சொல்ல நினைச்சு, பாதியில் நின்னு, "இஷ் வைஸ் நிஷ்ட்..." என்றார். 'எனக்குத் தெரியலை.' அவ்வளவுதான்! உன்னைக் காதலிக்கிறேனான்னே தெரியலை என்று அவள் எடுத்துக்கிட்டாள். ஒரு வாரம் பேச்சே இல்லை. மீதிப் பாதி 'வீ இஷ் டஸ் அவுஃப் டொய்ட்ச் ஸாகன் ஸொல்'. இதைச் சேர்த்திருந்தா ரெண்டு பேரும் சிரிச்சிருப்பாங்க. சொல் தெரியாததும் மனசு தெரியாததும் வெளியிலிருந்து பார்த்தா ஒரே மாதிரி இருக்கும்ங்க, எது என்று நாமதான் சொல்லணும்.

சரி, மனசே நிச்சயம் இல்லையா? அப்போ "மீ டூ" ஆட்கள் சொல்வதைக் கேட்காதீங்க. அந்நிய மொழியில் அந்த வாக்கியம் நம்ம வாயில் பஞ்சு மாதிரி லேசா வந்துடும், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. பல மொழி பேசுபவர்களிடம் ஜான்-மார்க் தெவேல் என்ற ஆய்வாளர் இதையே கேட்டு, 2008-ல் கட்டுரை எழுதினார். கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தாய்மொழியில் சொல்லும்போதுதான் அதுக்கு கனம் அதிகமாம் (பின்னால் கத்துக்கிட்ட மொழியில்தான் கனம் என்றவர்களும் உண்டு, அதையும் சொல்லிடறேன்). உங்களுக்கு லேசா இருக்கலாம், கேட்கிறவளுக்கு அது தாய்மொழி! ஐந்து பைசா செலவில்லாமல் நீங்க சொன்னதை அவள் முழு விலைக்கு வாங்கிக்கிறாள். இதுக்குப் பேர் மரியாதையா? என் அகராதியில் ஏமாத்து வேலை.

வெறும் 'டாங்கெ', அதாவது நன்றி, அதுவும் வேண்டாம், கடையில் சில்லறை வாங்கின மாதிரி இருக்கும். "டஸ் பெடொய்டெட் மியர் ஃபீல்" என்று சொல்லுங்க, 'இது எனக்குப் பெரிய விஷயம்'. அடுத்த மூச்சிலேயே "இஷ் ப்ரவுகெ நொக் ட்ஸைட்", 'எனக்கு இன்னும் நேரம் வேணும்'. முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லி நிறுத்திட்டா சம்மதம் மாதிரி கேட்கும். ரெண்டாவதை மட்டும் சொன்னா கதவைச் சாத்தின மாதிரி. காதலில் விழுந்தது நிஜம், உச்சிப் படிக்குத்தான் இன்னும் வரலை என்றால், ஃபெர்லீப்ட் என்ற சொல் இருக்கவே இருக்கு, கூசாமல் சொல்லலாம்.

உச்சரிப்பு கொஞ்சம் சொதப்பினா பரவாயில்லை. அவளுக்குப் புரியும் :-)