தண்ணியில்லாக் காட்டை மொழிபெயர்த்தல்

அண்மையில் நண்பர் ஒருவர் தாம் ஆங்கிலத்தில் பெயர்த்த கரிசல் சிறுகதை ஒன்றின் கையெழுத்துப் படியை எங்கள் பார்வைக்கு அனுப்பியிருந்தார். உழைப்புக்கு அஞ்சாதவர். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டியிருக்கிறார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. குறையும் அங்கேதான் தொடங்கியது. கதையில் திருச்சுழிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, விடிந்ததும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு "காட்டுக்குப் போறேன்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். நண்பரின் ஆங்கிலத்தில் அவள் வனத்துக்குப் போகிறாள். ஃபாரஸ்ட் என்றே எழுதியிருந்தார். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே பேருந்தில் ஒருமுறை போய்வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே வனம் என்று சொல்ல எதுவும் இல்லை. வேலிக்கருவையை வனமென்று கொண்டாலொழிய.

அந்த வட்டாரத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். பருத்திக்காடு, கம்மங்காடு, மல்லிக்காடு என்று எதை விதைத்தார்களோ அதன் பெயரோடு சேர்ந்து வரும். கண்மாய்ப் பாசனம் உள்ள நஞ்சையை யாரும் காடு என்று சொல்லமாட்டார்கள், அது வயல். ஆக, 'காட்டுக்குப் போறேன்' என்ற இரண்டு சொற்களுக்குள் நிலத்தின் வகை, அதற்குத் தண்ணீர் வரும் வழி, போகிறவளின் அன்றைய வேலை எல்லாம் அடங்கிவிடுகின்றன. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கென்று தனியாக ஒரு வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தது பொழுதுபோகாமல் அல்ல. பொது அகராதி இந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பதை அறிந்துதான்.

தனிச்சொல்லிலேயே இப்படியென்றால், சொற்கள் சேர்ந்து மரபுத்தொடர் ஆகும்போது என்ன நிகழும்? அதே கதையில் ஓர் அதிகாரி தனக்குக் கீழுள்ள எழுத்தரை, "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மிரட்டுகிறார். நண்பர் அதை, 'நீரற்ற வனத்துக்கு உன்னை உருமாற்றிவிடுவேன்' என்று பொருள்படும்படி பெயர்த்திருந்தார். படித்தவுடன் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. மூன்று சொற்களுக்கும் அகராதிப் பொருள் சரியாகவே இருக்கிறது. பிழை எந்தச் சொல்லிலும் இல்லை, தொடரில் இருக்கிறது. 'மாற்றுதல்' இங்கே பணியிட மாற்றம். அது தண்டனையாகத் தரப்படுகிற மாற்றம் என்பதைக் கேட்கிற எழுத்தர் அறிவார். தமிழ்நாட்டு அரசு ஊழியர் காதில் இத்தொடர் விழுந்ததும் மனத்தில் தோன்றுவது பழைய இராமநாதபுரம் மாவட்டம். 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதற்குள்தான் இருந்தன. பிறருக்கு மிரட்டலாகச் சொல்லப்படும் அந்த நிலம் இந்த ஊர்க்காரர்களுக்குப் பிறந்த மண். அவர்கள் இத்தொடரைச் சொல்லும்போது அதில் தன்னையே எள்ளும் ஒரு சிரிப்பு வரும். எழுத்தர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்து மிரட்டலின் நிறமே மாறிவிடும் என்றால், சொல்லுக்குச் சொல் வைத்தவர் இதில் எதைக் கொண்டுவந்து சேர்த்தார்?

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வாசகருக்குப் புரியாமல் போகும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. எங்கள் குற்றச்சாட்டு அதைவிடக் கடுமையானது. பல வேளைகளில் நன்றாகவே புரியும். ஆனால் வேறொன்று புரியும்.

ஆங்கிலத்தில் 'ரெய்னி டே'க்காகச் சேர்த்து வை என்பார்கள். கெட்ட காலத்துக்கு நாலு காசு ஒதுக்கு என்பது கருத்து. இதை அப்படியே 'மழைநாளுக்காகச் சேமியுங்கள்' என்று அச்சடித்த துண்டறிக்கை ஒன்றை ஒரு சேமிப்பு முகாமில் கண்டிருக்கிறோம். யார் அச்சடித்தது என்பது இங்கே தேவையில்லை. ஈரமும் குளிரும் மிகுந்த நாட்டில் மழை பெய்தால் வெளிவேலை நின்றுவிடும்; அங்கே மழைநாள் துன்பத்தின் குறியீடு ஆவதில் வியப்பில்லை. கரிசல்காட்டில் மழைநாள் துன்பநாளா? புரட்டாசியிலும் ஐப்பசியிலும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அதுவே நல்ல நாள். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் அந்த வருடமே போயிற்று.

துண்டறிக்கையைக் கையில் வாங்கிய பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "நெசந்தானப்பா, மழை எறங்கின அன்னைக்குக் கையில காசு இல்லேன்னா எப்பிடி வெதைக்கிறது?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. உளமாரத்தான் சொன்னார். மழை இறங்கி ஈரம் பதமாக இருக்கும் சில நாள்களுக்குள் உழவுக்கும் விதைக்கும் கூலிக்கும் ஒருசேரப் பணம் வேண்டும். ஊரே ஒரே நாளில் ஏரையும் டிராக்டரையும் தேடும். ஈரம் காய்ந்துவிட்டால் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டும்; அது வரலாம், வராமலும் போகலாம். ஆகவே மழைநாளுக்காகச் சேமிப்பது அவருடைய வாழ்க்கையில் முழுக்கப் பொருளுள்ள அறிவுரை. அச்சடித்தவர்கள் கெட்ட நாளை எண்ணினார்கள்; அவர் நல்ல நாளை எண்ணினார். இருவரும் ஒருவருக்கொருவர் தலையசைத்துப் பிரிந்திருப்பார்கள். புரியாத வாக்கியமாக இருந்தால் என்ன ஏதென்று யாராவது கேட்பார்கள். புரிந்துவிட்ட வாக்கியத்தை யார் கேட்கப்போகிறார்கள்? 'ஆத்திர அவசரத்துக்கு நாலு காசு வேணும்' என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஊர்ப் பேச்சில் அது இருக்கத்தான் செய்கிறது.

வெப்பமும் குளிர்ச்சியும் இதே கதைதான். நமக்கு உள்ளம் குளிரும், கண் குளிரும், பெற்ற வயிறு குளிரும். எரிவதெல்லாம் பொறாமையும் துயரமும். ஆங்கிலேயருக்குக் குளிர்ந்த நெஞ்சம் இரக்கமற்ற நெஞ்சம். 'உன்னைக் கண்டு என் உள்ளம் குளிர்ந்தது' என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைத்தால் தாய் மகனை வெறுத்துவிட்டாள் என்றாகும். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பழமொழிக்கு வருவோம். இங்கே சண்டை மொழிபெயர்ப்பாளரோடு மட்டுமல்ல. தமிழுக்குள்ளேயே சொற்பொருளைப் பிடித்துத் தொங்குகிற ஒரு கூட்டம் இருக்கிறது. 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்ற பழமொழியை இவர்கள் திருத்தியே தீருவது என்று நிற்கிறார்கள். மண்குதிரையை நம்பி யாராவது ஆற்றில் இறங்குவார்களா, அது 'மண்குதிர்', அதாவது ஆற்றுக்குள் இருக்கும் மணல்மேடு என்பது இவர்கள் வாதம். குதிர் என்றால் எங்களுக்குத் தெரிந்தவரை வீட்டுக்குள் தானியம் கொட்டிவைக்கும் பெரிய மண்கலம். அது கிடக்கட்டும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமெல்லாம் ஐயனார் கோயில் வாசலில் ஆளுயரத்துக்கும் மேலாக வரிசைகட்டி நிற்கும் மண்குதிரைகளை இவர்கள் பார்த்ததில்லையா? வேளார்கள் குதிரை செய்து கொடுக்க, ஊர்கூடிச் சுமந்துசென்று நிறுத்துகிற புரவியெடுப்பு கேள்விப்பட்டதில்லையா? கம்பீரமாய் நிற்கும், ஏறி உட்கார்ந்தால் ஓரடி நகராது. ஆண்டில் பெரும்பகுதி மணலாய்க் கிடந்து, திடீரென்று ஒருநாள் வெள்ளமாய் வரும் குண்டாற்றங்கரையில் இருந்துகொண்டு அந்தக் குதிரையைப் பார்ப்பவனுக்கு இப்பழமொழிக்கு உரையே வேண்டாம். சுட்ட மண் கரையாதே என்று யாராவது வாதிடக்கூடும். கரையாவிட்டாலும் ஆற்றைக் கடக்க அது நடக்க வேண்டுமே ஐயா!

நடக்க முடியாததைச் சொல்வதுதான் பழமொழியின் வேலையே. அதை நடக்கக்கூடியதாகத் திருத்துகிறவரும், சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். இருவருமே பழமொழியை ஒரு செய்தி என்று நினைக்கிறார்கள்.

அது செய்தி அல்ல; ஒரு செயல். 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பதை எடுத்துக்கொள்வோம். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்திருக்கிறான். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் உழவுக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு, களைக்கு இவ்வளவு என்று எழுதிக் கூட்டுகிறான். வரவு செலவைவிடக் குறைவாக நிற்கிறது. இனியும் எதற்குப்பா இந்தக் காடு என்று கேட்கிறான். அப்பா இந்தப் பழமொழியைச் சொல்லிவிட்டு எழுந்துபோகிறார். உழவில் இலாபமில்லை என்ற தகவலையா அவர் தருகிறார்? அதைத்தான் மகனே கூட்டிக் காட்டிவிட்டானே. அவர் செய்தது அந்தத் தாளை மூடியது. கணக்கை மறுக்காமலே, கணக்குப் பார்ப்பதை மறுத்தார்.

இதைப் பெயர்க்கும்போது உழக்கு என்றால் கால்படி என்று அடிக்குறிப்புப் போடுவதில் பயனில்லை. அங்கே உழக்கு வந்து நிற்பதற்கு அளவு பாதிக் காரணம். 'உழுதவன்' என்பதோடு அது போடும் மோனை மறுபாதி. நாழி என்று மாற்றிப் பாருங்கள், பழமொழி படுத்துவிடும். ஆங்கிலத்திலும் அந்த அப்பாவால் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்துபோகக்கூடிய வாக்கியம் வேண்டும். அளவுப்பெயர் போனாலும் போகட்டும், சுருக்கமும் ஓசையும் நிற்க வேண்டும். நாங்கள் கையாளும் சோதனை இதுதான்: பெயர்த்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தபின், கேட்டவர் கதையில் அடுத்துச் செய்வதைச் செய்வாரா? இங்கே மகன் வாய்மூட வேண்டும். 'அப்படியென்றால் ஒரு உழக்கு என்பது எவ்வளவு?' என்று கேட்கும்படி இருந்தால் மொழிபெயர்ப்பு தோற்றது.

பழமொழித் தொகுப்புகளின் நிலை வேறு. பீட்டர் பெர்சிவலின் பெருந்தொகுப்பு 1874இல் சென்னையில் வெளிவந்தது; தமிழ்ப் பழமொழியும் அதன் ஆங்கிலமும் அதில் உண்டு. டேனிஷ் பாதிரியார் ஹெர்மன் யென்சன் 1897இல் வெளியிட்டது பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கிய தொகுப்பு. ஆறாயிரம் பழமொழிகளை வரிசைப்படுத்துகிறவர் சொல்லுக்குச் சொல் தருவதில் எங்களுக்கு வழக்கில்லை. அது மாணவருக்கான நூல். அங்கே மகனும் இல்லை, அப்பாவும் இல்லை.

உடனே எதிர்முகாமிலிருந்து ஒரு குரல் வரும்: அப்படியென்றால் ஆங்கிலத்தில் இணையான பழமொழி எதுவோ அதைப் போட்டுவிடலாமே? கூடாது. 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்பதற்கு நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது என்று எழுதினால், அருப்புக்கோட்டைச் சந்தைக்காரர் வாயில் இங்கிலாந்துக் கரி ஒட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் இந்தத் தொடர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலே எந்த மொழியிலும் நிற்கும். கொல்லனும் ஊசியும் எங்கும் உண்டு. ஆகவே சொல்லுக்குச் சொல் எப்போதுமே ஆகாது என்று நாங்கள் சொல்லவில்லை. படிமம் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் இடத்தில் அதுவே சிறந்த வழி. அந்த இடம் எது என்று அகராதி சொல்லாது.

நண்பர் திருத்திய படி போன வாரம் வந்தது. கரிசல்காட்டுப் பெண் இப்போது வனத்துக்குப் போகவில்லை. பருத்திக்குக் களையெடுக்கப் போகிறாள். அதிகாரியின் மிரட்டலுக்கு மட்டும் நண்பர் மூன்று வாக்கியங்கள் எழுதி, மூன்றையும் அடித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். எங்களுக்கும் இன்னும் பிடிபடவில்லை. எழுத்தரை எந்த ஊர்க்காரராகக் கொள்வது என்று ஆசிரியரையே கேட்டு எழுதியிருக்கிறோம்.